தண்ணீர்த் தொட்டிக்கு சென்சார் வாங்கும் சங்கங்கள் கவனிக்கவும்

கோத்தகிரியில் 24 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்புக்கு நான்தான் சங்கப் பொருளாளர். தொட்டியின் நீர்மட்டத்தைப் போனில் காட்டும் கருவிக்கு சங்கப் பணத்தில் 18,500 ரூபாய் கொடுத்தோம். டிசம்பரில் அது எங்களை ஏமாற்றிய விதம் இன்னொரு சங்கத்துக்கும் நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மேல்தொட்டி 20,000 லிட்டர். ஆழம் 2 மீட்டர், ஆக ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 100 லிட்டர் போயிற்று என்று கணக்கு. முன்பெல்லாம் வாட்ச்மேன் அண்ணன் காலையும் மாலையும் மாடியேறி, மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். கருவி வந்தபின், போனில் 40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மோட்டார் போடு என்று நாங்களே அவரிடம் சொல்லிவிட்டோம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையிலிருந்து மூடுபனி விலகவே இல்லை. சனிக்கிழமை முழுக்க போனில் 71 சதவீதம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எந்த வீட்டிலும் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்போதும் போனில் 71 சதவீதம்தான், கீழே ‘கடைசியாகப் புதுப்பித்தது: 7:00’ என்று இருந்தது. மாடியேறிப் பார்த்தால் தொட்டியில் தரை தெரிகிறது. மூன்றாவது மாடியில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு சம்ப்பிலிருந்து குடத்தில் தூக்கிக்கொண்டு போனோம்.

நிறுவனத்துக்குப் போன் செய்தால் ‘நெட்வொர்க் பிரச்சினை சார்’ என்றார்கள். அளவு சரிசெய்ய ஆள் அனுப்ப 2,500 ரூபாய் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் கொடுத்தோம்.

வந்த தம்பி சென்சாரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் முகத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள். இது மீயொலி சென்சார். ஒலியை அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். தொட்டிக்குள் இருக்கும் ஈரக்காற்று, மலைக்குளிரில் சில்லிட்டுப்போன சென்சார் முகத்தில் துளியாகப் படிகிறது. துளி ஒட்டினால் எதிரொலி சரியாக வராது. 20 சென்டிமீட்டரிலேயே ஏதோ இருப்பதுபோல் காட்டும், இல்லையென்றால் 0 வரும். இங்கே குளிர்காலத்தில் இது அடிக்கடி வரக்கூடியதுதான். சென்சார் மீது எனக்குக் கோபமில்லை.

கோபம் அடுத்து அவர் லேப்டாப்பில் காட்டியதைப் பார்த்துத்தான்.

```
if (d < 25 || d > 235) d = lastGood;
send(d, now());
```

முதல் வரி, அளவு தப்பாக வந்தால் பழைய நல்ல அளவையே எடுத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு தடவைக்கு அது சரி. மோட்டார் ஓடி நீர் அலையும்போது நடுவில் ஒரு தப்பு அளவு வரத்தான் செய்யும். ஆனால் எத்தனை தடவை அப்படிச் செய்யலாம் என்று எல்லையே வைக்கவில்லை. இரண்டாவது வரி அதைவிட மோசம். பழைய அளவுக்கு இப்போதைய நேரத்தைப் போட்டு அனுப்புகிறது. வெள்ளி இரவு 11:10க்கு அளந்ததை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுசு போலக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பதிவை இறக்கிப் பார்த்தேன்: ஒரே 71.0, ஏறத்தாழ 380 வரிகள். ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் செலவாகும் கட்டடத்தில், எல்லோரும் குளிக்கும் காலை நேரத்தில்கூட ஒரு புள்ளி அசையவில்லை.

“ஏன் தம்பி இப்படி?” என்று கேட்டேன். “கிராஃப்ல கோடு விட்டுப்போனா கஸ்டமர் உடனே போன் பண்றாங்கண்ணா. அதனால பழசையே காட்டச் சொல்லிட்டாங்க” என்றார். அவர் உண்மையைச் சொன்னார், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பழுது தெரியக்கூடாது என்று தெரிந்தே செய்துவிட்டு, அதை ‘நேரலை’ என்று விற்றது மோசடி.

எழுத்தில் கேட்டபின் மாற்றித் தந்தார்கள். இப்போது ஒவ்வொரு முறையும் ஐந்து தடவை அளந்து நடு அளவை எடுக்கிறது. தொடர்ந்து மூன்று முறை தவறினால் எண்ணுக்குப் பதில் ‘அளவு இல்லை’ என்று வருகிறது. பக்கத்தில் இருப்பது உண்மையாக அளந்த நேரம். கூடவே, தொட்டியில் கால்பங்கு உயரத்தில் ஒரு மிதவை சுவிட்சைத் தனி வயரில் போட்டு வாட்ச்மேன் அறையில் மணி வைத்தோம். சென்சார் என்ன சொன்னாலும் நீர் அதற்குக் கீழே போனால் மணி அடிக்கும்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் அவர்கள் முன்னாலேயே சென்சார் வயரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் போனைப் பாருங்கள். எண்ணும் அப்படியே இருந்து, நேரம் மட்டும் புதுசாகிக்கொண்டே போனால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், காலை ஆறு முதல் ஒன்பது வரையிலான பதிவை இறக்கிப் பாருங்கள். மோட்டார் ஓடாத நாளில் எண் இறங்கியே ஆக வேண்டும்.

அந்த 2,500 ரூபாயை இன்னும் திருப்பித் தரவில்லை. அதுவரை ஆண்டுப் பராமரிப்புத் தொகை கட்டுவதில்லை என்று கமிட்டியில் தீர்மானம் போட்டிருக்கிறோம். வாட்ச்மேன் அண்ணன் பனி நாட்களில் மறுபடி குச்சியோடு மாடியேறுகிறார்.