மூன்று கட்டமா, ஐந்து கட்டமா? ரப்பர் பால் மாடலுக்கு ஒரு இடர் அட்டவணை

குலசேகரம் பக்கம் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு எடுத்தது, ரப்பர் பாலில் பார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்துக் காட்டும் மாடல். எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று எழுதிப் பார்த்தபோது பன்னிரண்டு இடர்கள் வந்தன. எதை முதலில் கவனிப்பது?

ஐந்துக்கு ஐந்து கட்டம்தான் முதலில் போட்டோம். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5, பிறகு பெருக்கல். ஐப்பசி மழையில் பஸ் ஏறும்போது சார்ட் நனைவது: 5 × 1 = 5. ஆசிட் கண்ணில் தெறிப்பது: 1 × 5 = 5. நனைந்த சார்ட்டும் பிள்ளையின் கண்ணும் ஒரே வரிசையில் நின்றதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. இந்த எண்கள் வெறும் படிகள். ஐந்தாம் படி முதல் படியைப்போல ஐந்து மடங்கு என்று யாரும் அளந்து சொல்லவில்லை. பெருக்கித்தான் ஆகவேண்டுமென்றால் பாதிப்புக்கு 1, 2, 4, 8, 16 என்று வையுங்கள். ஆசிட் 16-க்கு ஏறும், சார்ட் 5-லேயே நிற்கும்.

மூன்றுக்கு மூன்றில் பெருக்கலே கிடையாது. ஒன்பது கட்டத்துக்கும் நாமே நிறம் தீட்டலாம். யாருக்காவது காயம் என்றால் பாதிப்பு ‘அதிகம்’, நடுவர் முன் செய்முறை நின்றுபோனால் ‘நடுத்தரம்’, ஐந்து நிமிடத்தில் சரியானால் ‘குறைவு’ என்று முதலிலேயே எழுதிவைத்தோம். ‘குறைந்த வாய்ப்பு, அதிக பாதிப்பு’ கட்டத்துக்குச் சிவப்பு. அதனால் பிள்ளைகளின் வாதம் சட்டென்று முடிந்தது. இதன் குறை, ஒரே கட்டத்தில் நாலைந்து இடர்கள் குவிவது. பன்னிரண்டுக்குச் சமாளிக்கலாம், முப்பது என்றால் ஐந்து கட்டம்தான் வேண்டும். எங்களுக்கு மூன்று கட்டமே போதும்.

இடர்களை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவேடு எந்தக் கட்டத்துக்கும் ஒன்றுதான். அதில் ‘மழை’ என்று ஒற்றைச் சொல் எழுதினால் பயனில்லை. “முந்தின இரவு மழை பெய்தால் மரம் நனையும், விடியற்காலை பால் வெட்டமாட்டார்கள், செய்முறைக்குப் பால் இருக்காது” என்று எழுதினால் என்ன செய்வதென்று தானே தெரியும்: இரண்டு நாள் முன்பே பால் வாங்கி, உறையாமல் இருக்க அம்மோனியா சேர்த்து வைப்பது. பொறுப்பு என்ற இடத்தில் ‘எல்லாரும்’ கூடாது, ஒரு மாணவியின் பெயர் வேண்டும்.

ஆசிட்டுக்கு, ஆசிரியரே முந்தின நாள் லேபில் தண்ணீரில் ஆசிட்டை விட்டு நன்றாக நீர்க்க வைத்துத் தருவது என்று முடிவு. தெறிக்கும் வாய்ப்பு அப்படியேதான் இருக்கும், பாதிப்பு இறங்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது மாறவில்லை.

ஒன்றைத் தீர்க்கப்போய் இன்னொன்று முளைத்தது. அம்மோனியா கலந்த பாலை உறைய வைக்க ஆசிட் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் முதலில் விடும் ஆசிட் அம்மோனியாவை முறிக்கவே செலவாகிவிடும். வழக்கமான அளவை ஊற்றிவிட்டு நடுவர் முன்னால் காத்துக்கொண்டு நிற்க நேரும். ஆகவே பதிமூன்றாவது வரி: “சேமித்த பாலில் முந்தின நாளே ஒரு டம்ளர் எடுத்து ஆசிட் அளவைச் சோதித்து, பாட்டிலில் எழுதி ஒட்டுவது.”