வெகேஷன் மோட் போட்டும் அபராதம்: வீட்டிலிருந்து தனியாக விற்பவர்கள் கவனத்துக்கு

நான் பச்சைக் குழந்தைகளுக்கான பருத்தி ஜப்லா செட் விற்கிறேன். தைத்துத் தர ஓர் அக்கா இருக்கிறார். பேக்கிங், லேபிள், வாடிக்கையாளருக்குப் பதில் எல்லாம் நான் ஒருத்திதான். போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், ஒன்பது நாள் ஊரில் இருக்க வேண்டி வந்தது. என் கடை இருப்பது ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில். பெயர் வேண்டாம், வேறு தளங்களிலும் இப்படி நடக்கலாம்.

கிளம்பும் அன்று மாலை தளத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்து, கடையைச் சில நாள் மூடி வைக்க என்ன செய்வது என்று கேட்டேன். "வெகேஷன் மோட் ஆன் பண்ணிட்டா போதும் மேடம், ஆர்டரும் வராது, பெனால்டியும் வராது" என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு அதைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

காலையில் பார்த்தால் ஆறு ஆர்டர் நிற்கிறது. மூன்று, மோட் போடுவதற்கு முன்பே வந்து ‘ஹோல்டில்’ இருந்தவை. வாங்கியவர் முகவரி மாற்றவோ ரத்து செய்யவோ கொஞ்ச நேரம் விடுகிறார்கள்; அதுவரை நம் பேக்கிங் பட்டியலில் அவை வராது. இரண்டு, மோட் போட்ட பிறகு வந்தவை. பொத்தானை அழுத்திய நொடியே பொருள் தேடலிலிருந்து மறைவதில்லை, இடையில் யாராவது வாங்கிவிடுகிறார்கள். கடைசி ஒன்று என் தப்பு: பட்டியலில் இருந்தது, பதற்றத்தில் விட்டுவிட்டேன்.

வெகேஷன் மோட் புது ஆர்டரைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே வந்த ஆர்டரின் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிக்கப் பையன் இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பினான், ஆறும் தானாக ரத்தானது. அபராதம் ஒன்றுக்கு 45 ரூபாய் வீதம் 270, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 318 ரூபாய் 60 காசு. பணம் போனால் போகட்டும். அந்த வாரம் வந்த மொத்த ஆர்டரே 31. அதில் ஆறு ரத்து என்றால் ஐந்தில் ஒன்று கிட்டத்தட்ட. அதனால் தேடலில் என் ஜப்லா பின்னுக்குப் போய்விட்டது. தினம் ஐந்து ஆர்டர் வந்த இடத்தில் இப்போது ஒன்று வந்தால் பெரிது.

ரத்தான ஆறு பேரில் ஒருவர் என் எண்ணைத் தேடிப் பிடித்து எழுதினார்: "அக்கா, நாளைக்குப் பாப்பாவைத் தொட்டில்ல போடறோம், இப்பப் போய் கேன்சல்னு வருது?" அதற்கு என்ன பதில் சொல்வது? தளத்தில் மேல்முறையீடு செய்தேன். ‘விதிமுறைப்படி அபராதம் சரியானது’ என்று ஒரே வரி பதில், புகார் முடிக்கப்பட்டது. போனில் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதே கேள்வியைத் தளத்தின் உதவிப் பக்கத்தில் டிக்கெட் போட்டு எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் செய்வது வேறு. ஆர்டர் வந்து இரண்டு நாளில் அனுப்ப வேண்டும் என்பது என் கெடு. ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வேலைநாள் முன்பே மோடைப் போட்டுவிடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் போனில் என் பொருளைத் தேடிப் பார்க்கிறேன். ‘தற்போது கிடைக்காது’ என்று காட்டினால்தான் நிம்மதி. அப்புறம் ஹோல்டில் இருப்பவை ஒவ்வொன்றாக இறங்கும், அவற்றை அனுப்பி முடித்தபின்தான் பெட்டி கட்டுவது. மோட் முடிந்து கடை திறக்கும் தேதியையும் வீடு வந்து சேரும் நாளுக்கு ஒரு நாள் தள்ளிப் போடுகிறேன். கடை திறந்ததும் வருகிற ஆர்டருக்குக் கெடு உடனே ஓட ஆரம்பித்துவிடும்.

ரிட்டர்ன் பார்சல் நமக்காகக் காத்திருக்காது. எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லி வாங்கி வைக்கச் சொல்கிறேன். நம் பொருளுக்குப் பதில் வேறு எதையாவது வைத்து அனுப்பியிருந்தால் கிளெய்ம் போட சில நாள்தான் தருகிறார்கள், அதனால் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நேரடியாக வாட்ஸப்பில் வாங்குகிறவர்களுக்கு முன்பெல்லாம் ‘சில நாட்கள் விடுமுறை’ என்று ஸ்டேட்டஸ் வைப்பேன். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது, திட்டுதான் மிச்சம். இப்போது இப்படி: "10ஆம் தேதி முதல் 18 வரை பார்சல் அனுப்ப இயலாது. 8ஆம் தேதி மதியம் 12 மணிக்குள் பணம் செலுத்தியவை 9ஆம் தேதிக்குள் கிளம்பிவிடும். அதற்குப் பின் வருபவை 19 முதல். தொட்டில், பேர் வைக்கும் விழா என்றால் தேதியைச் சொல்லிவிட்டு ஆர்டர் செய்யுங்கள்." இதையே வாட்ஸப் பிசினஸில் நாம் இல்லாதபோது தானாகப் பதில் போகும் அவே மெசேஜிலும் போட்டு வைக்கிறேன். போனில் நெட் இருந்தால்தான் அது போகும், ஆகவே ஊரில் டேட்டாவை அணைப்பதில்லை.