கூலிங் கிளாஸ்: பைக்குக்கு ஒன்று, பரிசலுக்கு வேறொன்று

ஒகேனக்கல் போகும் வழியில் 150 ரூபாய்க்குத் தொங்கும் கூலிங் கிளாஸும், கிருஷ்ணகிரி ஷோரூமில் 3,000 ரூபாய்க்கு இருப்பதும் ஒரே அளவு கறுப்பாக இருக்கலாம். கறுப்புச் சாயம் வெளிச்சத்தைத்தான் குறைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் பொருளும் அதில் கலந்த வேதிப்பொருளும்தான். அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்பாவை விரிந்துகொள்ளும். கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். அதற்கு வெறுங்கண்ணே மேல்.

ஆகவே முதலில் லேபிள். ‘யூவி 400’ என்றால் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது என்று பொருள். கூடவே ‘கேட்டகரி 3’ என்றிருந்தால் 8 முதல் 18 சதவீத வெளிச்சம் உள்ளே வரும்; நம் ஊர் வெயிலுக்கு அது சரி. கேட்டகரி 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவு இருட்டு.

லேபிள் சரியாக இருந்தால், அடுத்தது வேலை. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு தினமும் நெடுஞ்சாலையில் பைக்கில் போகிறவருக்கு பாலிகார்பனேட் லென்ஸ்தான் பொருத்தம். லாரி டயர் தெறிக்கும் கல் பட்டாலும் எளிதில் உடையாது, புற ஊதாவின் பெரும்பகுதியை அந்தப் பிளாஸ்டிக்கே உறிஞ்சிவிடும். குறை, கீறல். சட்டை நுனியால் துடைத்தால் தூசியே உப்புத்தாளாக வேலை செய்யும். தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் எளிதில் கீறாது, ஆனால் கனம். உடைந்தால் சில்லு கண்ணுக்குள்.

பட்டுத் திரும்பும் ஒளியின் கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு லென்ஸ் இவருக்கு வேண்டுமா? தார்ச்சாலையின் பளபளப்பு குறையும், உண்மைதான். ஆனால் ஹெல்மெட் வைசர் வழியாகப் பார்க்கையில் வானவில் திட்டுகள் தெரியலாம். டிஜிட்டல் மீட்டர் சில கோணங்களில் கறுத்துவிடும். போலரைஸ்டு இல்லாததே இவருக்கு நல்லது என்பேன்.

பரிசல் ஓட்டுகிறவருக்குக் கதை தலைகீழ். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். போலரைஸ்டு அதைத்தான் வெட்டுகிறது. தண்ணீருக்கடியில் இருக்கும் பாறை தெரியும். ஆனால் மலிவான போலரைஸ்டு லென்ஸ் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் அடுக்கு பிரிந்து ஓரத்தில் குமிழி விடும். போலரைஸ்டு என்பதாலேயே புற ஊதாத் தடுப்பும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குத் தனி லேபிள் வேண்டும்.

ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாமே? இருட்டறையில் 365 நானோமீட்டர் யூவி டார்ச்சை 500 ரூபாய் நோட்டின் எண்கள் மேல் அடித்தால் அவை ஒளிரும். நடுவே லென்ஸைப் பிடித்ததும் ஒளிர்வு அணைய வேண்டும். அணையாவிட்டால் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் ஊதா டார்ச் பெரும்பாலும் 395. அது எல்லையோரம் என்பதால் நல்ல லென்ஸிலும் கொஞ்சம் கசியும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. டார்ச்சை நேராகப் பார்க்காதீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் யூவி மீட்டர் வைத்திருக்கும் ஆப்டிக்கல் கடையில் கொடுத்தால் சில நொடிகளில் பார்த்துச் சொல்வார்கள்.