புகையான் எண்ணும் வயலில்: நாள்கணக்கு, பொருளாதார வரம்பு, செயல் வரம்பு ஆகிய மூன்றின் ஒப்பீடு

வேளாண் பட்டயப் படிப்பு மாணவர்கள் தேர்வில் பெரும்பாலும் குழம்புவது வரையறைகளில்தான். அந்தக் குழப்பம் தேர்வுத்தாளோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. வயலில் ஒரு விவசாயி “இப்போது மருந்து அடிக்கலாமா, வேண்டாமா?” என்று கேட்கும்போதும் அதே குழப்பம் பதிலாக வெளிவந்துவிடுகிறது என்பதே என் கவலை. ஆகவே நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியை முன்வைத்து, மருந்து அடிக்கும் முடிவை எடுக்கும் மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். முதலாவது நாள்கணக்கில் அடிப்பது. இரண்டாவது பொருளாதார வரம்பைப் பார்த்து அடிப்பது. மூன்றாவது, அந்த வரம்பை இடத்துக்கும் கருவிக்கும் ஏற்ப மாற்றிய செயல் வரம்பைப் பின்பற்றுவது.

நடவு செய்த இத்தனையாம் நாளில் ஒரு தெளிப்பு, அதற்கடுத்த இத்தனையாம் நாளில் இன்னொரு தெளிப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நாள்கணக்கு முறை. இதில் பூச்சியை எண்ண வேண்டியதில்லை, ஆள் ஏற்பாடும் எளிது, மனத்துக்கும் நிம்மதி. ஆனால் புகையான் இந்த முறையை மற்றப் பூச்சிகளைவிடக் கடுமையாகத் தண்டிக்கிறது. அது தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. முட்டையை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலிருந்து அடிக்கும் மருந்து அந்த முட்டைகளைச் சென்றடைவதில்லை. பயிரினூடும் நீர்ப்பரப்பிலும் நடமாடும் ஓநாய்ச் சிலந்தியையும், புகையானின் முட்டையைத் தேடி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும்தான் முதலில் கொல்கிறது. முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்த வயலில் சில வாரங்களில் புகையான் முன்பைவிடப் பெருகி, பயிர் வட்டத் திட்டுகளாகத் தீய்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்கு மறுபெருக்கம் என்று பெயர்.

இதை ஒரு நாடே அனுபவித்துப் பார்த்திருக்கிறது. இந்தோனேசியாவில் பூச்சிக்கொல்லிக்கு அரசு தாராளமாக மானியம் கொடுத்துவந்த ஆண்டுகளில் புகையான் தாக்குதல் திரும்பத் திரும்ப எழுந்தது. 1986-ல் அந்நாட்டு அதிபரின் ஆணையால் நெல்லில் 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகள் தடை செய்யப்பட்டன. 1989-ன் தொடக்கத்தில் மானியமும் நிறுத்தப்பட்டது. நாள்கணக்கு முறையில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வயலுக்குள் இறங்கி எண்ண வேண்டிய நாளுக்கு நாள்கணக்கு நல்லது. தெளிக்க வேண்டிய நாளுக்கு அது ஆகாது.

இரண்டாவது வழிக்கு 1959-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் அடித்தளமிட்டார்கள். அவர்கள் இரண்டு நிலைகளைப் பிரித்தார்கள். பொருளாதார இழப்பை உண்டாக்கக்கூடிய மிகக் குறைந்த பூச்சி எண்ணிக்கை ஒரு நிலை. அதைப் பொருளாதாரச் சேத நிலை எனலாம். பூச்சி பெருகி அந்த நிலையைத் தொட்டுவிடாமல் தடுக்க நாம் இறங்கிச் செயல்பட வேண்டிய எண்ணிக்கை மற்றொரு நிலை. அது பொருளாதார வரம்பு. முன்னது இழப்பின் அளவைச் சொல்கிறது, பின்னது நாம் புறப்பட வேண்டிய நேரத்தைச் சொல்கிறது. பெருகிக்கொண்டிருக்கும் பூச்சியைப் பொறுத்தவரை வரம்பு எப்போதும் சேத நிலைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஏனெனில் எண்ணி முடித்து, மருந்து வாங்கி, ஆள் கிடைத்து, மழை விட்டுத் தெளிப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். தமிழில் வரும் பல கையேடுகள் வரம்பையே ‘பொருளாதாரச் சேத நிலை’ என்று குறிப்பிடுகின்றன. அவற்றைப் படிக்கும் மாணவர், அங்கே தரப்படும் எண் தெளிப்பைத் தொடங்க வேண்டிய எண்ணே என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சேத நிலையைக் கணக்கிடும் வாய்பாட்டை எளிய வடிவில் இப்படி எழுதலாம்.

```
EIL = C / (V × D × K)
```

இதில் EIL என்பது சேத நிலை, C என்பது ஓர் எக்டேருக்கான தெளிப்புச் செலவு, V ஒரு கிலோ நெல்லின் விலை, D ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக்கொத்தான ஒரு குத்துக்கு ஒரு பூச்சி இருந்தால் எக்டேருக்கு ஏற்படும் விளைச்சல் இழப்பு, K தெளிப்பினால் தடுக்கப்படும் இழப்பின் பங்கு. பயிற்சிக்காக எண்களை எடுத்துக்கொள்வோம்: செலவு 3,000 ரூபாய், நெல் விலை 20 ரூபாய், ஒரு பூச்சியால் இழப்பு 5 கிலோ, தடுக்கப்படும் பங்கு 0.75. விடை குத்துக்கு 40 பூச்சிகள். நெல் விலை 24 ரூபாயாக உயர்ந்தால் விடை ஏறத்தாழ 33 ஆகக் குறைகிறது. விளைபொருளின் மதிப்பு கூடும்போது நாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பூச்சி குறைகிறது. தெளிப்புக் கூலி உயர்ந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். இந்த நான்கில் மிகவும் சந்தேகத்துக்குரியது D. அது இரகத்தையும் பயிரின் வயதையும் பொறுத்து மாறுவதால், விலையைப் போல யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

அதனால்தான் வயலில் நாம் வாய்பாட்டைப் பயன்படுத்துவதில்லை. ஆய்வின் வழியே நிறுவப்பட்ட வரம்பைப் பயன்படுத்துகிறோம். புகையானுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் வரம்பு, குத்தில் கிளைக்கும் ஒவ்வொரு தூருக்கும் ஒரு பூச்சி. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் வரம்பு தூருக்கு இரண்டு பூச்சிகள். இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பூச்சியை மட்டும் எண்ணியவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். தூர் கட்டி முடிந்த பயிர். வரப்பிலிருந்து உள்ளே தள்ளி, குறுக்காக நடந்து 20 குத்துகளைச் சாய்த்து, அடியைத் தட்டி எண்ணுகிறோம். சராசரியாகக் குத்துக்கு 14 தூர்கள். முதல் எண்ணிக்கையில் 210 புகையான்கள், 22 சிலந்திகள். அதாவது குத்துக்கு 10.5, தூருக்கு 0.75 பூச்சி, எந்த வரம்பையும் தொடவில்லை. ஆறு நாள் கழித்து 308 புகையான்கள், 24 சிலந்திகள். தூருக்கு 1.1 பூச்சி. இங்கேதான் முடிவு பிரிகிறது. சிலந்தியை எண்ணாதவர் இன்றே மருந்துக்கடைக்குப் போவார். எண்ணியவர், குத்துக்கு ஒன்றுக்கு மேல் சிலந்தி இருப்பதால் வரம்பு இரண்டு என்று கண்டு, தேங்கிய நீரை வடித்துவிட்டு, அடுத்த தவணைத் தழைச்சத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஐந்து நாளில் மீண்டும் எண்ணுவார். அப்போது 252 இருந்தால் தூருக்கு 0.9, பெருக்கம் திரும்பிவிட்டது. மாறாக, அதே 308 பூச்சிகளோடு நான்கு சிலந்திகள் மட்டுமே இருந்திருந்தால் தெளிப்பதே சரி. அப்போதும் பைரித்ராய்டைத் தவிர்த்து, தெளிப்பான் முனையைத் தூரின் அடிக்குத் திருப்ப வேண்டும். நடவின்போது எட்டடிக்கு ஒரு அடி இடைவெளியாகப் பட்டம் விட்டிருந்தால் அப்படித் திருப்ப முடியும்; விடாத வயலில் மருந்து மேலிலையில் நின்றுவிடும்.

சராசரி எண் ஏமாற்றும் இடமும் உண்டு. புகையான் வயல் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. அடர்ந்து வளர்ந்து நீர் தேங்கிய பள்ளத்தில் திட்டாகத் தொடங்கும். 20 குத்துகளில் 18-ல் ஏறத்தாழ எதுவுமில்லாமல், இரண்டில் மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தால், சராசரியை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தத் திட்டைத் தனி வயலாகக் கருதி எண்ணி, தேவையானால் அதற்கு மட்டும் மருந்து அடிக்க வேண்டும்.

இனிச் செயல் வரம்பு. பல பாடநூல்களில் பொருளாதார வரம்பும் செயல் வரம்பும் ஒரே பொருளில் வருகின்றன, அது தவறில்லை. ஆனால் செயல் வரம்பு பரந்த சொல்: இழப்பைப் பணக்கணக்கில் அளக்க முடியாத இடத்திலும் ‘இந்த அளவில் இறங்கு’ என்று அது சொல்லும். இதற்கு நெல்லிலேயே தெளிவான சான்று பச்சைத் தத்துப்பூச்சி. அதன் வரம்பு வளர்ச்சிப் பருவத்தில் குத்துக்கு ஐந்து, பூக்கும் பருவத்தில் குத்துக்குப் பத்து. ஆனால் துங்ரோ நச்சுயிரி நோய் வழக்கமாக வரும் பகுதியில் குத்துக்கு இரண்டே. பூச்சி அதேதான், அது உறிஞ்சும் சாறும் அதே அளவுதான். அங்கே பயிரை அழிப்பது சாறு உறிஞ்சுதல் அல்ல, ஒரு குத்திலிருந்து மற்றொன்றுக்கு அது கொண்டுபோகும் நச்சுயிரி. ஒரு பூச்சிக்கு இத்தனை கிலோ இழப்பு என்று மேலே போட்ட கணக்கு இங்கே உடைந்துபோகிறது. துங்ரோ பகுதியில் ஐந்து வரும்வரை காத்திருப்பவர் புத்தகப்படி நடந்தும் பயிரை இழப்பார். அந்நோய் இல்லாத பகுதியில் இரண்டுக்கே தெளிப்பவர் வீணாகச் செலவு செய்து, சிலந்திகளையும் இழந்து, புகையானுக்கு வழிவிடுவார்.

செயல் வரம்பை மாற்றும் இன்னொரு காரணம் நம் கையிலுள்ள கருவி. தண்டுத்துளைப்பானுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக்குவியல், வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீதக் குருத்துக் காய்தல், பூக்கும் பருவத்தில் 2 சதவீத வெண்கதிர் என்று மூன்று வரம்புகள் தரப்படுகின்றன. மாணவர்கள் இவற்றை மூன்றில் எது வந்தாலும் ஒன்றுதான் என்று மனப்பாடம் செய்கிறார்கள். டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணியை விடப்போகிறவருக்கு முட்டைக்குவியலும், அதற்கும் முன்பே விளக்குப் பொறியில் விழும் அந்துப்பூச்சியும்தான் பயன்படும் அடையாளங்கள். குருத்து காயும் நிலையில் புழு தண்டுக்குள் போய்விட்டது. முட்டையைத் தேடும் ஒட்டுண்ணிக்கு அந்தப் புழுவிடம் வேலையில்லை. குருத்தை இழுத்தால் எளிதில் கையோடு வந்து, அடிமுனை கடிபட்டிருந்தால் அது இப்புழுவின் வேலை என்று உறுதி செய்துகொண்டு, 10 சதவீதம் வந்ததும் பயிருக்குள் ஊடுருவும் மருந்தைப் பயன்படுத்தலாம். அந்த வரம்பு அந்தக் கருவிக்கு உரியது. காய்ந்த தூருக்குப் பதில் புதுத்தூர் கிளைக்கும் வயது அப்போது பயிருக்கு இருப்பதால்தான் 10 சதவீதம் வரை பொறுக்கிறோம். கதிர் வெளிவந்தபின் அந்த வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு வெண்கதிரும் முழு இழப்பு. அதனாலேயே வரம்பு 2 சதவீதமாக இறங்குகிறது. அந்த 2 சதவீதத்தை எண்ணும் நாளில் வெளுத்துப்போன கதிர்களை எந்த மருந்தும் மீட்காது. தெளிப்பவர் காப்பாற்றுவது இன்னும் வெளிவராத கதிர்களையே. கதிர் எல்லாம் வெளிவந்துவிட்ட வயலில் அந்த எண்ணை அடுத்த பருவத்துக்காகக் குறித்து வைத்துக்கொண்டு, அறுவடை முடிந்ததும் தாளைத் தரையோடு ஒட்ட அறுத்து, உழுது, உள்ளே தங்கிய புழுக்களை அழிப்பதுதான் செய்யக்கூடியது.