அந்திப் படத்தில் இருப்பது நரியா, குள்ளநரியா, தெருநாயா?

"வால் நுனி கறுப்பு, அப்போ குள்ளநரிதான்" என்று முடிவு கட்டுவதுதான் அந்தியில் எடுத்த வயல்வெளிப் படங்களில் அதிகம் நடக்கும் பிழை. இங்கே நரி என்று நான் சொல்வது இரவில் கூட்டமாக ஊளையிடும் பொன்நரியை. குள்ளநரி என்பது திறந்த வெளிகளில் வளை தோண்டி வாழும் சிறிய வங்காளக் குள்ளநரி. இரண்டுக்குமே வால் நுனி கறுப்புதான். அதனால் கறுப்பு நுனியை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. வெள்ளை நுனி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அது உதவும். அப்போது பொன்நரியும் வங்காளக் குள்ளநரியும் விலகிவிடும், செந்நரி என்ற வேறு இனமோ தெருநாயோதான் மிச்சம். அதிலும் ஒரு எச்சரிக்கை: விலங்குக்குப் பின்னால் வானம் வெளுத்திருந்தால் வால் ஓரத்து மயிர் ஒளி பட்டு வெள்ளையாகத் தெரியும். அதை நுனியின் நிறமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிறத்தை விட்டுவிட்டு வாலின் நீளத்தைப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்திலும் நீளம் மாறாது. பொன்நரியின் வால் குட்டை. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் இருக்கும். தொங்கவிட்டால் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கும் மூட்டு அருகே நின்றுவிடும். குள்ளநரியின் வாலோ உடல் நீளத்தில் பாதிக்கு மேல், அடர்ந்த மயிருடன் தரையைத் தொடுவதுபோல வரும். ஓடும்போது அதைக் கிடைமட்டமாக நீட்டிக்கொள்ளும்.

உதாரணமாக, அறுவடை முடிந்த வயலில் ஒரு விலங்கு பக்கவாட்டில் நடக்கிறது, உருவம் வெறும் கறுப்பு நிழலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தைப் பெரிதாக்கி அளக்கிறோம். மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை 420 பிக்சல், வால் 130 பிக்சல். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. குள்ளநரியாக இருந்தால் வால் 210 பிக்சலுக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும், எனவே குள்ளநரி இல்லை. விலங்கு நேர்ப் பக்கவாட்டில், தலையை நீட்டி நடக்கும் படத்தில்தான் இந்தக் கணக்கு செல்லும். சற்றுத் திரும்பி நின்றாலும் உடல் குறுகித் தெரிந்து விகிதம் பொய்யாகிவிடும்.

மிச்சம் இருப்பது நரியா நாயா என்ற கேள்வி, கடினமானதும் இதுதான். இங்கே வாலின் நிலையையும் மூஞ்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிம்மதியாக நடக்கும் தெருநாய் பெரும்பாலும் வாலை அரிவாள்போல மேலே வளைத்து வைத்திருக்கும், நரி தொங்கவிட்டிருக்கும். ஆனால் பயந்த நாயும் வாலைத் தாழ்த்தும். ஆகவே மேலே வளைந்த வால் நாய்க்கு நல்ல சாட்சி. தாழ்ந்த வாலை மட்டும் வைத்து நரி என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம் மூஞ்சி. பக்கவாட்டு நிழலில் நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவே படி இறங்கியதுபோல ஒரு பள்ளம் நாய்க்குத் தெரியும், மூஞ்சி முனையும் மொழுக்கையாக இருக்கும். நரிக்கு அந்தச் சரிவு மெல்லியது, மூஞ்சி முனை நோக்கிக் கூராகிக்கொண்டே போகும். குள்ளநரிக்கு முகமே சின்னது, காதுகள் அதற்குப் பெரியவை. அகன்ற கன்னத்திலிருந்து மூஞ்சி சட்டென்று ஒடுங்கும். ஆனால் நாட்டு நாய்களில் நீண்ட, கூரான மூஞ்சி உள்ளவை நிறைய உண்டு. மூஞ்சி ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுதினால் அவை எல்லாம் நரியாகிவிடும். விலங்கு வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருக்கும் படமும் மூஞ்சியின் வடிவத்தைக் கெடுத்துவிடும்.

கால் நீளத்தை நான் கடைசியாகத்தான் நம்புவேன். நரியின் கால்கள் உடலுக்கு நீளமாக, மெலிந்து இருக்கும். குள்ளநரிக்கு உயரம் குறைவு, தெருநாய்க்குக் கால் தடிமன். இதெல்லாம் உண்மைதான், ஆனால் கணுக்கால்வரை புல் மறைத்தாலே ஒப்பீடு போய்விடும். தரையோடு தரையாகப் படுத்து எடுத்த படத்தில் கால்கள் நீண்டு தெரியும். விலங்கு நேரே நம்மைப் பார்த்து வரும் படத்தில் மட்டும் கால் வேறு விதத்தில் கைகொடுக்கிறது. நரியின் மார்பு ஒடுங்கியது, முன்னங்கால்கள் ஒட்டி நிற்கும். நாயின் மார்பு அகலம், கால்கள் விலகி நிற்கும்.

வால் தாழ்ந்து, மூஞ்சி கூராக, காலும் புல்லில் மறைந்திருந்தால் சந்தேகம் தீராது. அப்போது படத்தில் இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தைச் சற்று ஏற்றி முதுகைப் பாருங்கள். கறுப்பும் வெளுப்பும் கலந்த முதுகு மயிரும் வெளுத்த தொண்டையும் தெரிந்தால் நரியின் பக்கம் சாயலாம். உடலில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பெரும்பாலும் நாய்தான். சொறி பிடித்து மயிர் உதிர்ந்த விலங்கில் வாலும் மெலிந்து முதுகு நிறமும் போய்விடும். நரியும் நாயும் கலந்து பிறந்தவை உண்டு என்பதும் குரோஷியாவில் மரபணுச் சோதனை வழியே உறுதியாகியிருக்கிறது. இப்படிப்பட்ட படத்துக்குக் கீழே "நரி அல்லது நாய்" என்றே எழுதுங்கள். வரிசையாக எடுத்த மற்றப் படங்களில் வால் மேலே எழுந்த ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள்.