செலவுத்தாளைக் கொடுக்கும் முன்: கையெழுத்தா, படிப்படியான பகிர்வா?

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் படகுச் சவாரி ஒழுங்கு செய்து கொடுப்பது என் தொழில். கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் எங்களுக்குப் பருவம். அதற்கு முன்பே கொழும்பிலிருந்து பயண முகவர்கள் கூட்டுச் சேர வருவார்கள். திமிங்கலம் பார்ப்பது, புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோவில் என்று மூன்று நாள் பொதி ஒன்றைச் சேர்ந்து விற்போம் என்பார்கள். இரண்டாவது சந்திப்பிலேயே “உங்கட விபரமான விலையை அனுப்புங்கோ” என்று கேட்பார்கள்.

அந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு எல்லாவற்றையும் கொடுப்பது ஒன்று. கையெழுத்து எதுவும் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி ஆளைப் பார்த்துக்கொள்வது மற்றது. நான் இரண்டிலும் நடந்திருக்கிறேன். இப்போது முதல் வழியில்தான் நிற்கிறேன்.

இரண்டாவது வழியின் நன்மை வெளிப்படையானது. பேச்சு தடைப்படாது, சட்டத்தரணிக்குச் செலவில்லை, பெரிய நிறுவனங்கள் சின்ன ஆட்களின் தாளில் கையெழுத்து வைக்கத் தயங்கும் சிக்கலும் இல்லை. பொதியின் உருவத்தையும் தலைக்கு இவ்வளவு என்ற இறுதி விலையையும் மட்டும் காட்டி, உள்விபரத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சவாரிக்கான சின்னக் கூட்டு என்றால் இதுவே போதும்.

ஆனால் பருவம் முழுவதற்குமான கூட்டில் முகவர் இறுதி விலையோடு நிற்கமாட்டார். கழிவு எவ்வளவு தரலாம் என்று கணக்குப் பார்க்க, எரிபொருள், ஓட்டி, உதவியாள், சாப்பாடு என்று பிரித்துக் கேட்பார். சில வருடங்களுக்கு முன் ஒருவர் அப்படிக் கேட்டபோது, நம்பிக்கையில் செலவுத்தாளை வாட்ஸப்பில் அனுப்பினேன். எந்தப் படகு, யாருடையது, ஒரு ஓட்டத்துக்கு நான் கொடுப்பது எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு அதே படகுக்காரரிடம் நேரடியாகப் பேசி, நான் கொடுப்பதைவிடச் சொற்பம் கூட்டிக் கொடுத்துச் சவாரியை எடுத்துக்கொண்டார்கள். கேட்டதற்கு, “கடற்கரையில் விசாரித்தாலே தெரிகிற விலைதானே” என்றார்கள். அந்தத் தாளிலிருந்துதான் எடுத்தார்கள் என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

எனக்கு இந்த ஒப்பீட்டைத் தீர்த்து வைத்தது இந்த இடம்தான்: எதை, எப்போது, யாருக்குக் கொடுத்தேன் என்று பிறகு காட்ட முடியுமா? கையெழுத்து இல்லாவிட்டாலும் சட்டம் முழுக்கக் கைவிடுவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு வெளியிடப்படாத தகவலுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தத் தகவல் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும், இரகசியமாக இருப்பதால் அதற்கு வணிகப் பெறுமதி இருக்க வேண்டும், அதை இரகசியமாக வைக்க உரியவர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். வாட்ஸப்பில் ஒரு சொல்லும் சேர்க்காமல் அனுப்பிய தாளுக்கு அந்த மூன்றாவதைக் காட்டுவது கடினம். கையெழுத்தான ஒப்பந்தம் அதற்கு நேரடியான சான்று.

ஆனால் கையெழுத்து வாங்கி அலுமாரியில் வைப்பதோடு வேலை முடியாது. ஒப்பந்தத்துக்கும் பராமரிப்பு உண்டு, பலர் வழுக்குவது அங்கேதான். என் ஒப்பந்தம் இரண்டு பக்கம். “இரகசியம்” என்று குறித்துக் கொடுத்த எழுத்து விபரம் மட்டுமே அதற்குள் அடங்கும். வாயால் சொன்னதை 14 நாளுக்குள் எழுதி உறுதிப்படுத்தினால்தான் அதுவும் சேரும். ஆகவே கடற்கரையில் தேநீர் குடித்தபடி சொன்ன கழிவு வீதத்தை அன்றிரவே ஒரு மின்னஞ்சலில், “இன்று பேசியதில் இவை இரகசியம்” என்று எழுதிவிடுகிறேன். மறந்தால் அந்தப் பேச்சு ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விடும்.

இதற்கென்று ஒரு கோடு போட்ட கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, தாளின் பெயர், எத்தனை பக்கம், யாருக்கு, எந்த வழியில் என்று ஐந்து நிரல். ஒவ்வொரு செலவுத்தாளின் தலையிலும் வாங்குபவரின் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். தாளில் உள்ள விலைகள் எல்லாருக்கும் ஒன்றுதான், செலவுகளின் வரிசையை மட்டும் மாற்றுவேன். ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு முன் ஐஸ் பெட்டி வரும், இன்னொருவருக்கு உயிர்காப்பு அங்கிக்குப் பிறகு. தாள் வெளியே எங்காவது தென்பட்டால், யாருடைய பிரதி என்று வரிசையே சொல்லும். பேச்சு முறிந்தால் தாள்களைத் திருப்பித் தந்ததாகவோ அழித்ததாகவோ ஒரு வரி எழுத்தில் கேட்டு, அதையும் கொப்பியில் ஒட்டுகிறேன்.

எதை இரகசியம் என்று சொல்கிறோம் என்பதிலும் அடக்கம் வேண்டும். புறாத்தீவுக்கான வனசீவராசிகள் திணைக்கள நுழைவுக் கட்டணம் யாருக்கும் தெரியும். கோவிலுக்கும் கன்னியாவுக்கும் போகும் பாதையும் அப்படியே. இவற்றையெல்லாம் இரகசியம் என்று எழுதினால், உண்மையான இரகசியத்தின் மதிப்பும் சேர்ந்து குறையும். என் தாளில் காக்க வேண்டியவை படகுக்காரரோடு நான் பேசிய விலையும், எந்த நாளில் எந்தப் படகு எனக்கு ஒதுக்கப்பட்டது என்பதும்தான்.

இதில் ஒரு பொறி உண்டு. தகவலை வெளியே சொல்லாதே என்று மட்டும் எழுதினால், அவர் சொல்லாமலே என் படகுக்காரரிடம் போகலாம். ஆகவே ஒப்பந்தத்தோடு சேர்க்கும் இணைப்பில் பெயர் உள்ள படகுக்காரரோடு குறித்த காலம் எங்களைத் தாண்டி ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று தனியாக ஒரு பந்தி வேண்டும். அந்த இணைப்பில் பெயர்கள் இருப்பதால், முதன்மைத் தாளில் கையெழுத்தான பிறகே அதைக் கொடுத்துச் சிறுகையெழுத்து வாங்குவேன். அவருக்கு முன்பே பழக்கமான படகுக்காரர் இருந்தால் பெயரை அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நியாயமும் இல்லை, நிற்கவும் நிற்காது.

கையெழுத்து யாருடையது என்றும் பாருங்கள். வரையறுத்த நிறுவனம் என்றால் அதன் பெயரும் பதிவு எண்ணும் தாளில் இருக்க வேண்டும், அதைக் கட்டுப்படுத்த அதிகாரம் உள்ள பணிப்பாளர் கையெழுத்து வைக்க வேண்டும். விற்பனைப் பையனின் கையெழுத்தை நம்பி முழுத்தாளையும் அனுப்புவது வீண்.

நான் ஒரு தரப்புத் தாள் கேட்பதில்லை. போன வருடம் ஒரு முகவர், “தம்பி, என்னில நம்பிக்கை இல்லையோ?” என்றார். “அண்ணை, நீங்கள் தருகிற வாடிக்கையாளர் விபரத்துக்கு இதே கட்டு எனக்கும் இருக்கு” என்றேன். வாசித்துவிட்டு, காலத்தை ஐந்து வருடத்திலிருந்து இரண்டாகக் குறைக்கச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். எங்கள் விலை இரண்டு பருவத்துக்கு மேல் பழசாகிவிடும், அதற்கு மேல் காத்து என்ன பயன்.

சில பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தாளைத்தான் நீட்டும். அதில் “நினைவில் தங்கியதைப் பயன்படுத்தலாம்” என்ற பந்தி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு விலை என்பதே நினைவில் தங்குகிற சங்கதிதான். எடுக்க மறுத்தால் நான் இரண்டாவது வழிக்கே திரும்பி, இறுதி விலையை மட்டும் கொடுக்கிறேன்.

நீதிமன்றம் வரை போனதில்லை, ஆகவே அங்கே இந்தக் கொப்பி எவ்வளவு எடை பெறும் என்று என் அனுபவத்தில் சொல்ல இயலாது. வெளிநாட்டு முகவரோடு ஒருமுறைதான் செய்தேன். எந்த நாட்டுச் சட்டம் என்ற பந்தியைச் சட்டத்தரணியே எழுதினார். அந்த முகவருக்குக் கொடுத்த நான்கு பக்கமும் திரும்பி வந்துவிட்டன, கொப்பியில் அதற்கும் திகதி போட்டாயிற்று.