மாறும் வட்டி, நிலை வட்டி, ஸ்வாப்: கடனை அடைக்கும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்

உட்லண்ட்ஸில் இட்லி மாவு அரைத்து, தேக்கா கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்கூடம் வாங்க 20 லட்சம் வெள்ளி கடன். ஐந்து ஆண்டு, அசல் கடைசியில். வட்டி மூன்று மாத சோராவும் அதன்மேல் 1.5 விழுக்காடும்.

சோரா என்பது சிங்கப்பூரில் வங்கிகள் ஓர் இரவுக்குக் கடன் வாங்கும் வட்டியின் சராசரி. நாணய ஆணையம் வெளியிடுகிறது. கடந்த மூன்று மாதத்தின் அந்த ஓர் இரவு வட்டிகளைக் கூட்டு வட்டியாகச் சேர்த்தால் மூன்று மாத சோரா. 2022 தொடக்கத்தில் மூன்று மாத சோரா 0.5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. 2023 முடிவில் 3.5ஐத் தாண்டிவிட்டது. நம் மாவு நிறுவனத்துக்கு அது ஆண்டு வட்டி 40,000 வெள்ளியிலிருந்து ஒரு லட்சத்துக்குப் போவது மாதிரி. மாவு விலையை அந்த வேகத்தில் ஏற்ற முடியாது. லாபம் தடிமனாக இருப்பவர்களும், சீக்கிரம் கடனை அடைக்கப்போகிறவர்களும் மாறும் வட்டியிலேயே இருக்கலாம். மற்றவர்களுக்கு இரண்டு வழி.

முதல் வழி, கடனையே நிலை வட்டிக்கு மாற்றுவது. வங்கி 4.2 விழுக்காடு என்கிறது என்று கொள்வோம். ஒரே தாள், ஒரே எண். ஆனால் இப்படிப்பட்ட கடன்களில் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் வட்டி நிலையாக இருக்கும். பிறகு மறுபடி சோராதான்.

இரண்டாவது ஸ்வாப். கடன் அப்படியே இருக்கும். பக்கத்தில் தனி ஒப்பந்தம்: நாம் வங்கிக்கு 2.5 விழுக்காடு தருகிறோம், வங்கி நமக்கு சோராவைத் தருகிறது. அசல் கைமாறாது, வித்தியாசம் மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை போகும், வரும். சோரா 3.5 ஆனால் அந்தக் காலாண்டுக் கடன் வட்டி 25,000 வெள்ளி. ஸ்வாப்பில் 5,000 வந்துவிடும். சோரா 1.5 ஆனால் கடன் வட்டி 15,000. ஸ்வாப்புக்கு 5,000 நாம் கட்டுவோம். இரண்டிலும் கையை விட்டுப் போவது 20,000, அதாவது ஆண்டுக்கு 4 விழுக்காடு. கையெழுத்திடும் நாளில் சோரா 3 ஆக இருந்து, ஸ்வாப் 2.5க்குக் கிடைத்தால் வங்கி ஏமாந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வட்டி இறங்கும் என்று சந்தை எதிர்பார்ப்பதால்தான் அந்த விலை.

4.2ஐவிட 4 குறைவு, அப்புறம் என்ன யோசனை என்று தோன்றும். யோசிக்க வேண்டியது வெளியேறும் நாளை.

இரண்டு ஆண்டு கழித்துப் பெரிய இடம் கிடைக்கிறது, பழையதை விற்றுக் கடனை அடைக்கிறோம். நிலை வட்டிக் கடன் என்றால் அபராதம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், 1.5 விழுக்காடு என்றால் 30,000 வெள்ளி, வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அதேதான். ஸ்வாப்பில் அப்படி ஓர் எண் கிடையாது. மீதி மூன்று ஆண்டுக்கான ஸ்வாப்புக்கு அன்றைய சந்தை விலை 1.5 விழுக்காடு என்றால், நம் 2.5ஐவிட ஒரு விழுக்காடு குறைவு; ஆண்டுக்கு 20,000 வீதம் மூன்று ஆண்டு வித்தியாசம், இன்றைய மதிப்புக்குக் கழித்து, கிட்டத்தட்ட 58,000 வெள்ளி நாம் கட்ட வேண்டும். சந்தை விலை 3.5 ஆகியிருந்தால் ஏறக்குறைய அதே அளவு நமக்கு வரும். “கடனே இல்லையே, எதுக்கு இது?” என்று முதலாளி கேட்பார். கடன் முடிந்தாலும் ஸ்வாப் முடியவில்லை, அவை இரண்டு தனி ஒப்பந்தங்கள்.

தனி ஒப்பந்தம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அசலை மாதாமாதம் அடைக்கும் கடனாக இருந்து, அது 16 லட்சமாகக் குறைந்த பிறகும் ஸ்வாப் 20 லட்சத்திலேயே நின்றால், மிச்சம் 4 லட்சத்துக்கு நாம் பாதுகாப்பு எடுக்கவில்லை, வட்டி ஏறும் என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். ஸ்வாப் தொகையும் அதே அட்டவணையில் குறைய வேண்டும்.

இன்னும் நுட்பமானது சோராவைக் கணக்கிடும் முறை. பல கடன்களில் காலாண்டு தொடங்கும்போதே, கடந்த மூன்று மாத சோராவை எடுத்து வட்டியை முடிவு செய்துவிடுவார்கள். ஸ்வாப்பில் வழக்கமாக, நடந்துகொண்டிருக்கும் காலாண்டின் சோராவைக் கூட்டு வட்டியாகச் சேர்த்து, காலாண்டு முடிவில் கணக்குப் பார்ப்பார்கள். வட்டி இறங்கும்போது கடனுக்குப் பழைய 3 விழுக்காட்டில் கட்டுவோம், ஸ்வாப்பில் 2.8தான் வரும். அந்தக் காலாண்டில் 1,000 வெள்ளி ஓட்டை. பெரிய தொகை இல்லை, ஆனால் கணக்கர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். இரண்டு தாளிலும் சோரா எந்த நாளில் எடுக்கப்படுகிறது என்ற வரியை அருகருகே வைத்துப் படித்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஸ்வாப் கட்டிப்போடுவது சோராவை மட்டும். கடனில் சோராவுக்கு மேல் சேரும் 1.5 விழுக்காட்டை வங்கி திருத்த ஒப்பந்தம் இடம் கொடுத்தால் அந்த ஏற்றம் நம் தலையில்தான்.

அதே இடத்தில் ஐந்து ஆண்டும் இருக்கப்போவது உறுதி என்றால் நான் ஸ்வாப் பக்கம் சாய்வேன். இடம் மாறும் எண்ணம் இருந்தால் 10 லட்சத்துக்கு மட்டும் ஸ்வாப் எடுத்து, மீதியை மாறும் வட்டியில் விடுவேன். மேலே சொன்ன 58,000 அப்போது 29,000 ஆகிவிடும். எதுவானாலும், சந்தை விலை ஒரு விழுக்காடு இறங்கினால் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் வெளியேற எவ்வளவு ஆகும் என்ற அட்டவணையைக் கையெழுத்துக்கு முன்பே வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவேன்.